அவசரத்துக்குக் கட்டம் இல்லை

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். கண்டெய்னர் லாரி கிளப்புகிற புழுதியில் பாதி ஜன்னலோடு நின்றுவிடும், மீதி மேசைக்கு வரும். அந்தப் புழுதியிலும் ஒரு மேசை மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும். அது ஆனியின் மேசை.

ஆனிக்கு ஏற்றுமதிக் காகித வேலை. உப்பு, உலர்பூ, நிலாவிரை இலை, உறைந்த இறால் என்று எது வெளிநாடு போனாலும், சரக்குக்கு முன்னால் காகிதம் போகவேண்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கு யாருடையது என்று கப்பல் கம்பெனி தருகிற பி.எல். ரசீது, செடிகொடிச் சரக்கென்றால் பூச்சி நோய் இல்லை என்கிற பைட்டோ சான்றிதழ். இதில் ஒரு எழுத்து பிசகினால் அக்கரையில் கண்டெய்னர் நிற்கும். அது நிற்கிற ஒவ்வொரு நாளும் சரக்குக்காரர் இங்கே தூங்கமாட்டார், தூங்காதவர் ஆனிக்குப் போன் போடாமல் இருக்கமாட்டார். அதனால் ஆனி பிசகவிடுவதில்லை.

இந்த வேலைக்கு ஒரு கெடு உண்டு. கட்-ஆஃப் என்பார்கள். கப்பல் கம்பெனி சொன்ன நேரத்துக்குள் காகிதம் போகாவிட்டால் கண்டெய்னர் அந்தக் கப்பலில் ஏறாது, அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் ஆனியின் கையில் இருந்த கண்டெய்னர் ஒன்றுகூடத் தள்ளப்பட்டதில்லை. ஆபீஸே பெருமைப்படுகிற சங்கதி இது. ஆனால் இதனால் அவளுக்கு ஒரு வியாதி வந்திருந்தது. யார் ‘அவசரம்’ என்று சொன்னாலும் அவள் கை முதலில் அந்தப் பக்கம் போகும். மகள் ஜோஸ்லின் இதைச் சின்னதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஐஸ்கிரீம் வேண்டுமென்றால்கூட “அம்மா, அவசரம்” என்றுதான் ஆரம்பிப்பாள்.

அந்த ஆபீஸுக்குத்தான் மூடுவிழா வந்தது.

மேனேஜர் பாண்டியராஜன் எல்லாரையும் கூப்பிட்டு, தொண்டையைச் செருமி, ஏசியைக் கூட்டி, குறைத்து, மறுபடி கூட்டிவிட்டுச் சொன்னார். தலைமை ஆபீஸ் தூத்துக்குடிக் கிளையைச் சென்னையோடு சேர்க்கிறது. மாசக் கடைசியோடு இங்கே பூட்டு. வருகிறவர்களுக்கு அங்கே நாற்காலி உண்டு.

“வராதவங்களுக்கு, சார்?” என்று கேட்டான் செந்தூர்வேல். அவன் ஃபீல்டு ஆள். சுங்க ஆபீஸ், கண்டெய்னர் யார்டு, பைட்டோ ஆபீஸ் என்று பைக்கில் காகிதம் சுமக்கிறவன். ஊரையெல்லாம் கேலி பண்ணுகிறவன்.

“வராதவங்களுக்கு வாழ்த்து” என்றார் பாண்டியராஜன். அவரும் போகிற ஆள் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வீட்டில் அன்று மீன்குழம்பு தட்டுக்கு வருகிற வரைக்கும் ஆனி வேறு கதை பேசினாள். அவள் புருஷன் நேசக்குமார் விசைப்படகு ஓட்டுகிறவன். விடியும் முன்னே கடலுக்குப் போனால் இருட்டித்தான் கரை. பள்ளிக்கூடம் விட்டால் ஜோஸ்லினுக்கு அம்மாதான். ஆனி விஷயத்தைச் சொன்னதும் அவன் தட்டிலிருந்து கையை எடுத்தான்.

“சென்னைக்குப் போணும்னா போவோம், ஏளா. அங்கனயும் கடல் கெடக்கு.”

“கடல் கெடக்கு. உங்களுக்குப் படகு கெடக்கா?”

அவன் மறுபடி சோற்றில் கை வைத்தான். இந்தக் கரையில் அவனுக்கு முதலாளி பழக்கம், வலை பழக்கம், எந்தப் பாறைக்கு மேல் எந்த மீன் என்பது பழக்கம். சென்னையில் அவன் வெறும் ஆள். ஆனி போய், அவன் இங்கே நின்றாலோ, ஜோஸ்லின் யாரோடு? வேலையை விட்டுவிடுவோம் என்று அவன் சொல்லவில்லை. அதற்காகவே ஆனிக்கு அவனைப் பிடிக்கும். ஆகவே பாக்கி ஒரே வழி. மாசம் முடியுமுன் தூத்துக்குடிக்குள்ளேயே, பகல் வேலையாக ஒன்று.

மறுநாள் அவள் லிங்க்ட்இன்னில் ‘வேலைக்குத் தயார்’ என்று பச்சை வளையம் போட்டுக்கொண்டாள். வேலை தேடுகிற இன்னும் ரெண்டு தளத்தில் பயோடேட்டாவைப் புதுப்பித்தாள். புதுப்பித்த பயோடேட்டா ஆள் எடுக்கிறவர்கள் கண்ணில் மேலே வந்து நிற்கும் என்று செந்தூர்வேல் சொல்லியிருந்தான். கேலிக்காரன் சொன்னாலும் அது உண்மைதான். சாப்பாட்டு நேரத்துக்குள் போன் கொதிக்க ஆரம்பித்தது. மெயில், வாட்ஸ்அப், லிங்க்ட்இன் என்று மூணு வாசல் வழியாகவும் வந்தார்கள்.

இங்கேதான் ஆனி ஒரு தப்புப் பண்ணினாள். துறைமுகக்காரி மட்டுமே பண்ணக்கூடிய தப்பு. எதில் ‘மிக அவசரம்’, ‘உடனே சேருபவர்கள் மட்டும்’, ‘இன்று மாலைக்குள்’ என்று இருந்ததோ அதையெல்லாம் முதலில் எடுத்தாள். கட்-ஆஃப் முன்னால் இருக்கிற கப்பலுக்கு முதல் காகிதம், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த நியாயம். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாக எழுதினாள். எந்தக் கம்பெனி என்றே சொல்லாதவனுக்கும் தன் சரித்திரம் முழுக்கச் சொன்னாள்.

அதில் ரொம்ப நீளமான பதில் போனது ‘ரீஜென்ட் கோரல் மரைன்’ என்கிற கம்பெனிக்கு. ‘உங்கள் திறமையைக் கண்டு எங்கள் நிர்வாகம் வியந்து நிற்கிறது. மாலை ஐந்துக்குள் பதில் தேவை. இதைவிட அவசரம் எதுவும் இல்லை’ என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. ஆனி உருகிப்போய் எழுதினாள். என்ன வேலை தெரியும் என்று எழுதி, கடைசியில் இதையும் சேர்த்தாள். ‘என் கணவர் கடலுக்குப் போகிறவர். நான் இந்த ஊரில் இருந்தால்தான் எங்கள் வீட்டில் பகலும் ராத்திரியும் ஒன்றாக இருக்கும்.’

ரீஜென்ட் கோரல் மரைனின் நிர்வாகம் அப்போது கீழே டீக்கடையில், வாயில் பஜ்ஜியோடு, பழைய போனில் புது சிம்மைப் போட்டுக்கொண்டு நின்றது. செந்தூர்வேல்தான். சிரிக்கத் தயாராகத்தான் பதிலைத் திறந்தான். கடைசி வரிக்கு வந்ததும் மீதிப் பஜ்ஜியைக் காக்கைக்குப் போட்டான்.

அன்றைக்கே வந்த இன்னொரு செய்தியை ஆனி மறுநாள் வரை தொடவில்லை. அதில் அவசரம் என்கிற வார்த்தையே கிடையாது. இறால் ஏற்றுமதி பண்ணுகிற ஒரு கம்பெனியின் ஆள் எடுக்கிற பெண் எழுதியிருந்தாள். கம்பெனி பெயர், வேலை, ஊர், சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, எல்லாம் ஒழுங்காக. கடைசி வரியில் மட்டும், நாளைக் காலையில் ஆட்களைக் கூப்பிடப்போவதாகச் சாதுவாகச் சொல்லியிருந்தது. ஆனி அதற்கு மறுநாள் மத்தியானம் எழுதினாள். பட்டியல் போய்விட்டது, மன்னிக்கவும், என்று பதில் வந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஆனியின் கண்டெய்னர் ஒன்று தள்ளப்பட்டது.

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். செந்தூர்வேல் ரெண்டு டீயோடு வந்து, ஒன்றை அவள் பக்கம் தள்ளிவிட்டு நின்றான். எப்போதும் உட்காருகிறவன்.

“ஆனிக்கா, ஒண்ணு சொல்லுதேன். அடிக்கக்கூடாது.”

“சொல்லு.”

“ரீஜென்ட் கோரல் மரைன் நாந்தான்.”

ஆனி நிமிர்ந்து பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“ஏலே, நிர்வாகம் வியந்து நிக்குன்னு போட்டியே.”

“நின்னேன்க்கா. நெசமாவே நின்னுட்டேன், கடைசி வரியப் படிச்சதும்.”

அவள் டீயைக் குடித்தாள். கோபத்தை எதிர்பார்த்து அவன் முதுகைத் தயார் பண்ணி வைத்திருந்தான். அது வரவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

“நீ ஏமாத்துனது பெருசில்ல. நான் எப்படி ஏமாந்தேன்? ஒரு காகிதம் என் மேசைக்கு வந்தா நான் என்ன பண்ணுவேன்?”

“பேரு, சரக்கு, துறைமுகம், எல்லாம் இருக்கான்னு பாப்பீங்க.”

“இல்லாட்டி?”

“கொயரி போட்டுத் திருப்பி அனுப்புவீங்க. எத்தன தடவ என்னைய வெயில்ல ஓடவிட்டிருக்கீங்க.”

“அவசரம்னு சொன்னா உள்ள விட்டுருவேனா?”

“அமெரிக்க ஜனாதிபதி சொன்னாலும் விடமாட்டீங்க.”

“உன் கம்பெனிய மட்டும் விட்டுட்டேன்” என்றாள் ஆனி.

வேலை குறைந்துபோனதால் மேசையில் ட்ரேக்கள் காலியாகக் கிடந்தன. மூணை எடுத்து வரிசையாக வைத்தாள். முதலாவதில் ‘கேட் உள்ளே’, ரெண்டாவதில் ‘கொயரி’, மூணாவதில் ‘திருப்பு’ என்று ஒட்டினாள். துறைமுகத்தில் கண்டெய்னருக்கு நடக்கிற மூணும் இதுதான். காகிதம் முழுசாக இருந்தால் கேட்டுக்குள் போகும், குறை இருந்தால் கேள்வி வரும், ஆகாததென்றால் வந்த வழி.

பிறகு பழைய பி.எல். நகல்களின் பின்பக்கத்தைத் துண்டு துண்டாகக் கிழித்தாள். ஒரு செய்திக்கு ஒரு துண்டு. ஒவ்வொன்றிலும் ஐந்து கட்டம்: யாருக்கு ஆள் வேணும், என்ன வேலை, எந்த ஊர், சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, ஏன் என்னை. கடைசிக் கட்டம்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. பயோடேட்டாவைப் படித்தவன் என்றால் அதிலுள்ள எதையாவது சொல்லியிருப்பான். படிக்காதவன் ‘அருமையான அனுபவம்’ என்பான்.

“அவசரம்னு போட்டா எங்க எழுதுவீங்க?” என்று கேட்டான் செந்தூர்வேல்.

“எழுதமாட்டேன். அதுக்குக் கட்டம் இல்ல.”

“வியந்து நிக்கிறதுக்கு?”

“அதுக்கும் இல்ல. தேதி போட்டு, இந்த நாளோட பயோடேட்டா பாக்கிறத முடிச்சிருவோம்னு சொன்னா, துண்டு மூலையில அந்தத் தேதி. அவ்வளவுதான். அது கட்-ஆஃப். மத்தது வெறும் சத்தம்.”

இன்னொரு சட்டமும் போட்டாள். செய்தி வந்தவுடனே தொடக்கூடாது. சாப்பிட்டு முடித்தபிறகு ஒரே தடவையாக எல்லாவற்றையும் துண்டில் ஏற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே ராஜா மாதிரித் தெரியும், வரிசையில் நிறுத்தினால்தான் யார் செருப்பில்லாமல் வந்திருக்கிறான் என்று தெரியும். வெளியூர், ராத்திரி வேலை, காசு கேட்பது, ஆதார், பாங்கு விவரம் இப்போதே கேட்பது, இவை நேராகத் திருப்பு. கட்டத்தில் ஓட்டை இருந்தால் திட்டவும் வேண்டாம், உருகவும் வேண்டாம், ஒரே கொயரி: ‘நன்றி. எந்தக் கம்பெனி, என்ன பொறுப்பு, எந்த ஊர், சம்பள வரம்பு, என் பயோடேட்டாவில் எது உங்களுக்குப் பொருந்துகிறது? சொன்னால் விவரமாக எழுதுகிறேன்.’ எல்லாருக்கும் இதுதான், ஒட்டி அனுப்ப நிமிஷம்கூட ஆகாது. நீளமான பதில் கேட் உள்ளே போனவர்களுக்கு மட்டும். அதுவும் நாளைக்கு ஒன்று ரெண்டு போதும், ஏனென்றால் ஒழுங்காக எழுதினால் ஒன்றே அரை மணி தின்னும்.

அந்த வாரத்தில் மழை மாதிரி செய்தி கொட்டிய நாள் ஒன்று வந்தது. ஆனி டிபன் பாக்ஸைத் திறந்து, சாப்பிட்டு, கழுவி வைத்துவிட்டுத்தான் போனை எடுத்தாள். செந்தூர்வேல் துண்டில் எழுதுகிற குமாஸ்தாவாகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டான்.

முதல் ஆள் துபாய். சம்பளம் படித்தால் மயக்கம் வரும். பதிவுக் கட்டணம் மட்டும் இன்றைக்கே கட்டவேண்டுமாம். ஊர்க் கட்டத்தை எழுதி முடிக்குமுன்னே துண்டு திருப்பு ட்ரேயில் விழுந்தது.

அடுத்தது சென்னையிலிருந்து பெரிய கன்சல்டன்சி. ‘உலகின் முன்னணி நிறுவனம், சிறந்த சம்பளம், மிக மிக அவசரம்.’ செந்தூர்வேல் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான்.

“யாருக்கு ஆள்?”

“சொல்லல.”

“ஊரு?”

“தென்னிந்தியாவாம்.”

“தென்னிந்தியாவுல எந்த பஸ் ஸ்டாப்?” என்றான் அவன். துண்டில் ஒரு கட்டமும் நிரம்பவில்லை. கொயரி போனது. ‘முதலில் சி.வி. அனுப்புங்கள், பிறகு சொல்கிறோம்’ என்று பதில் வந்தது. சி.வி. அவர்களிடம்தான் இருக்கிறது. துண்டு திருப்புக்குப் போனது.

பிறகு ரெண்டு பேர் நல்ல செய்தியோடு வந்தார்கள். உர இறக்குமதிக் காகித வேலை, தூத்துக்குடி, பகல், சம்பளமும் சொல்லியிருந்தது. துண்டுகளைப் பக்கத்தில் வைத்தபோதுதான் ஆனிக்கு உறைத்தது. வேலை விவரம் வரிக்கு வரி ஒன்று. கன்சல்டன்சிதான் வேறு வேறு. ஒரே கம்பெனிக்கு ரெண்டு பேர் ஆள் பிடிக்கிறார்கள்.

“ரெண்டு பேர்ட்டயும் சரின்னு சொல்லுங்கக்கா. ரெண்டு வல போட்டா ஒண்ணுலயாவது மீன் விழும்.”

“ஏலே, ஒரே சரக்குக்கு ரெண்டு பி.எல். போனா என்ன ஆவும்?”

செந்தூர்வேல் தலையைச் சொறிந்தான். “எது நெசம்னு தெரியாம சரக்கு நிக்கும்.”

“அப்ப நான் நிக்கணுமா?”

ஒரே ஆளின் பயோடேட்டா ரெண்டு பக்கமிருந்து போய் விழுந்தால் யாருக்குத் தரகு என்று சண்டை வரும், சண்டைக்குப் பயந்து ஆளையே ஒதுக்கிவிடுவார்கள். ஆனி ரெண்டு துண்டையும் சேர்த்துப் பின் அடித்தாள். ஒருவர் கம்பெனிப் பெயரைச் சொல்லி, உங்கள் சம்மதத்தோடுதான் பெயரைக் கொடுப்பேன் என்று எழுதியிருந்தார். அவருக்குச் சரி. மற்றவருக்கு, இந்த வேலைக்கு ஏற்கெனவே ஒருவர் மூலம் பேசுகிறேன், நன்றி, என்று ரெண்டு வரி. பின் அடித்த துண்டு கேட் உள்ளே போனது.

கடைசியாக ஒன்று. சாதாரண ஜிமெயிலிலிருந்து, அரைகுறை இங்கிலீஷில். வணக்கம் இல்லை, கையெழுத்து இல்லை. தமிழில் சொன்னால் இவ்வளவுதான் வரும்: ‘சிவி பாத்தேன். உலர்பூ பைட்டோ தெரியுமா. தூத்துக்குடி. பதில்.’

“இது எவனோ ஸ்கூல் பையன்” என்றான் செந்தூர்வேல். “தூக்கி வீசுங்க.”

“உன்னோட இன்னொரு சிம்மா?”

“சத்தியமா இல்லக்கா. நானா இருந்தா இன்னும் மரியாதையா எழுதுவேன்.”

ஆனிக்கும் வீசத்தான் கை போனது. மரியாதை இல்லாத மெயிலுக்கு அவள் எப்போதும் மரியாதை கொடுத்ததில்லை. ஆனால் துண்டு முன்னால் கிடந்தது, கட்டம் நிரப்பவேண்டும். யாருக்கு, இல்லை. என்ன வேலை, அரைகுறை. சம்பளம், இல்லை. ஊர், தூத்துக்குடி. ஏன் என்னை? அந்தக் கட்டத்தில் செந்தூர்வேல் ‘உலர்பூ, பைட்டோ’ என்று எழுதினான். எழுதிவிட்டுப் பேனாவை வைத்தான்.

ரெண்டு பேரும் வரிசையைப் பார்த்தார்கள். பாராட்டு மாலை போட்டவர்கள், உலக முன்னணி, துபாய் எல்லாரிடமும் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. உரக் கம்பெனிகூட ‘காகித அனுபவம்’ என்று பொதுவாகத்தான் சொல்லியிருந்தது. ஆனியின் பயோடேட்டாவில் ரெண்டாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரியாக உலர்பூ இருக்கிறது. அந்த மூலை வரைக்கும் ஒருத்தன் கண் போயிருக்கிறது.

“மரியாதைக்கும் கட்டம் இல்லல்லா” என்றான் செந்தூர்வேல் மெதுவாக.

“கொயரி போடு” என்றாள் ஆனி.

பதில் எழுத்தில் வரவில்லை. நம்பர் கேட்டு, பிறகு வாட்ஸ்அப்பில் குரலாக வந்தது. பின்னால் பஸ் ஹாரன். “மேடம், பேரு ஆறுமுகநயினார். பாளையங்கோட்டையில சின்னதா ஆள் எடுத்துக் கொடுக்கிற ஆபீஸு, நான் ஒருத்தன்தான். எழுத்து நமக்கு வராது, மன்னிச்சிக்கிடுங்க. தூத்துக்குடியிலயே மடத்தூர்ப் பக்கம் உலர்பூ ஏற்றுமதிக் கம்பெனி. முத்துக்கனி மேடம் நடத்துதாங்க. காகிதப் பிரிவ மொத்தமாப் பாத்துக்கிட ஆள் வேணும். பகல் வேலைதான்.” சம்பள வரம்பும் சொன்னார், கம்பெனி முகவரியும் சொன்னார். “அவங்களுக்கு ரெண்டு கண்டெய்னர் பைட்டோவில நின்னு போச்சு. அதான் உங்க ரெண்டாம் பக்கத்தப் பாத்ததும் எழுதுனேன்.”

செந்தூர்வேல் அந்தக் கம்பெனியின் பலகையைப் பைக்கில் போகும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். இருந்தாலும் அன்று சாயங்காலம் சும்மா ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கம்பெனி இருந்தது. வாசலில் லாரி நின்றது. துண்டின் ஐந்து கட்டமும் நிரம்பின.

அன்றைக்கு ஆனி ரெண்டே ரெண்டு நீளப் பதில்தான் எழுதினாள். உரக் கம்பெனிக்கு ஒன்று. மற்றது ஆறுமுகநயினாருக்கு. அதில் சரித்திரம் இல்லை. உலர்பூக் கலவையில் ஒவ்வொரு பூவுக்கும் காய்க்கும் தாவரப் பெயர் பைட்டோவிலும் இன்வாய்ஸிலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கவேண்டும், வியாபாரப் பெயர் மட்டும் போட்டால் அக்கரையில் கேள்வி வரும், தான் அதற்கு முன்கூட்டியே என்ன செய்கிறாள், தனியாகப் பார்த்த சரக்குகள் எவை, எப்போது சேரமுடியும், எவ்வளவு எதிர்பார்க்கிறாள். அவ்வளவுதான். புருஷனைப் பற்றி எழுதவில்லை. வேலை கிடைத்தால் புருஷனை அவளே பார்த்துக்கொள்வாள்.

மடத்தூரில் முத்துக்கனி அவளை ஆபீஸ் அறையில் உட்கார வைக்கவில்லை. சாயம் ஏறிக் காய்கிற பூக்களுக்கும் காய்களுக்கும் நடுவில் நடத்திக்கொண்டே பேசினார். நாற்பது தாண்டின, நாலு வார்த்தையில் பேசி முடிக்கிற பெண்மணி.

“நிறையப் பேரு வந்தாங்க. எல்லாரும் பயோடேட்டா கொண்டுவந்தாங்க. நீங்க ஒருத்திதான் என் சரக்கு எதனால நிக்கும்னு எழுதியிருந்தீங்க.”

“நின்ன காகிதம் இருந்தாக் காட்டுங்க மேடம்.”

காட்டினார். ஆனி வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். விரல் ஓர் இடத்தில் நின்றது. சான்றிதழில் தாவரப் பெயர், இன்வாய்ஸில் வியாபாரப் பெயர். அவள் அந்த இடத்தைக் காட்டினாள். முத்துக்கனி அதைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

“எப்ப வாரீங்க?”

உரக் கம்பெனியிலிருந்தும் அதே வாரம் கூப்பிட்டார்கள். அவர்களுக்கும் ஆளைப் பிடித்துப்போயிற்று. மாசக் கடைசியில் வேலை இல்லாமல் நிற்கப்போகிறவள் கையில் ரெண்டு வேலை. ஆனி பழைய துண்டுகளை எடுத்து மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். உரக் கம்பெனியில் கப்பல் வந்தால் ராத்திரியும் உட்காரவேண்டியிருக்கும் என்று பேச்சில் தெரிந்திருந்தது. ஊர்க் கட்டத்துக்கு அடியில் அதைக் குறித்தாள். பிறகு மடத்தூருக்குப் போன் பண்ணி, மகளின் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தை ஒட்டிக் கிளம்ப முடியுமா என்று கேட்டாள். காகிதம் நிற்காமல் போனால் நீங்க எப்ப கிளம்பினா என்ன என்றார் முத்துக்கனி.

நேசக்குமார் அன்று கரையேறியபோது படகுத்துறையில் ஆனியும் ஜோஸ்லினும் நின்றார்கள். வழக்கத்தில் அவர்கள் அங்கே வருவதில்லை. அவன் படகிலிருந்தே, “என்னளா, எதும் பிரச்சினையா?” என்று கத்தினான்.

“அப்பா, அவசரம்” என்றாள் ஜோஸ்லின்.

“என்ன அவசரம்?”

“அம்மா எங்கயும் போகல.”

அவன் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தான். கடல்தண்ணி என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டான். பெரிய சீலா மீன் ஒன்று அன்றைக்கு ஏலத்துக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தது.

ஆபீஸின் கடைசி நாளில் எல்லாரும் மேசையைக் காலி பண்ணிக்கொண்டிருந்தபோது, சென்னைத் தலைமை ஆபீஸிலிருந்து ஆனிக்கு ஒரு மெயில் வந்தது. ‘உங்கள் சேவை நிறுவனத்துக்கு இன்றியமையாதது. திங்கட்கிழமை சென்னையில் சேருவதை உடனே உறுதிப்படுத்தவும். மிக அவசரம்.’ பாண்டியராஜனே எட்டிப் பார்த்தார். ஆனி ஒரு துண்டை எடுத்தாள். யாருக்கு, தெரியும். வேலை, சொல்லவில்லை. சம்பளம், சொல்லவில்லை. ஏன் என்னை, இன்றியமையாதது. ஊர், சென்னை.

திருப்பு ட்ரேயில் போட்டாள். பாண்டியராஜன் தும்முகிற மாதிரி சிரித்தார்.

“நன்றின்னு ரெண்டு வரி அனுப்பிரும்மா” என்றார்.

“போயிருச்சு சார்.”

செந்தூர்வேலுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டு திரிந்தான், ஆனால் அன்று பஜ்ஜி வாங்கவில்லை. மத்தியானம் அவன் போனில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு செய்தி வந்தது. உலர்பூ ஏற்றுமதிக் கம்பெனி, மடத்தூர். சுங்கம், யார்டு, பைட்டோ ஆபீஸ் அலைய ஃபீல்டு ஆள் தேவை. சம்பள வரம்பு இவ்வளவு. எந்த அதிகாரி எந்த நேரத்தில் சீட்டில் இருப்பார் என்று தெரிந்தவர் என்று கேள்விப்பட்டோம்.

அவன் நேராக ஆனி முன்னால் வந்து போனை நீட்டினான்.

“பழி வாங்குதீகளா? புது சிம்மு எப்ப வாங்கினீங்க?”

ஆனி துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“கட்டம் எல்லாம் நெறஞ்சிருக்கா?”

அவன் விரல் விட்டு எண்ணினான். கம்பெனி, வேலை, ஊர், சம்பளம். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் அந்த வரியை மறுபடி படித்தான். ஊரில் எல்லாரும் அவனைக் கேலிக்காரன் என்றுதான் சொல்வார்கள். எந்த அதிகாரி எப்போது சீட்டில் இருப்பார் என்று அவன் மனப்பாடமாக வைத்திருப்பது ஒரே ஒரு மேசைக்குத்தான் தெரியும்.

“ஒரே ஒரு கொயரி இருக்கு” என்றான்.

“போடு.”

“இந்த முத்துக்கனி மேடத்துக்குக் கேலி பிடிக்குமா?”

“நாலு வார்த்தைக்குள்ள இருந்தாப் பிடிக்கும்” என்றாள் ஆனி. மூணு ட்ரேயையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி அவன் கையில் கொடுத்தாள். “பைக்கில வையி. திங்கக்கெழம அங்கன வேணும்.”